மார்ச் கடைசி வாரம் லோடு வேண்டாம்: மண்டபம் கடை ஒன்றின் ஸ்டாக் எடுப்பு

மண்டபத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடை அது. முன்பக்கம் கல்லாவும் அலமாரிகளும், பின்பக்கம் நீளமான குடோன். கயிறு, வலை, நூல், மிதவை, ஈயக்குண்டு, படகு பெயின்ட், ரெசின், பைபர் மேட், டீசல் இன்ஜின் உதிரிபாகம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அயிட்டம். நாட்டுப்படகுக்காரரும் வருவார்கள், விசைப்படகு முதலாளிகளும் வருவார்கள். நான் இந்தக் கடையின் கணக்கைப் பார்க்கிறவன். ஆண்டுக் கடைசி ஸ்டாக் எடுப்பின்போது லோடு வந்து கணக்கைக் குழப்பியது எப்படி, சப்ளையர்களுக்குத் தேதி கொடுத்து அதைச் சரிசெய்தது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரும் சப்ளையர்களின் பெயரும் வேண்டாம்.

எந்த ஊர்க் கடைக்கும் மார்ச் 31 ஒன்றுதான். ஆனால் இந்தக் கரையில் அதோடு இன்னொரு தேதியும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது எல்லாம் நடக்கும். அதற்கான சரக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடையில் இருக்க வேண்டும். ஆகவே வருடத்தின் பெரிய ஆர்டர்கள் மார்ச் கடைசியில்தான் வந்து இறங்கும். சப்ளையர் பக்கம் பார்த்தால் அவர்களுக்கும் அதுதான் வருடக் கடைசி. விற்பனைப் பிரதிநிதிக்கு டார்கெட், கடைக்கு டர்ன்ஓவர் தள்ளுபடி. இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளுகிற சரக்கு, குடோனில் ஒவ்வொரு சுருளாக எண்ணிக்கொண்டிருக்கும் நாளில் வந்து வாசலில் நிற்கும்.

2024: கயிறு குறைந்த கதை

அந்த வருடம் மார்ச் 29 புனித வெள்ளி, 31 ஈஸ்டர் ஞாயிறு. கடையின் லோடுமேன்களில் பாதிப் பேர் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அதனால் உருப்படியாக எண்ணக் கிடைத்தது 30-ஆம் தேதி சனிக்கிழமை ஒன்றுதான். சப்ளையர்களுக்கு 25-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு வரி போயிருந்தது: "மார்ச் 29 முதல் 31 வரை லோடு அனுப்ப வேண்டாம்."

அதை யாரும் மீறவில்லை. எல்லோரும் 28-ஆம் தேதிக்குள் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சரக்கெல்லாம் 29-லிருந்து வந்து சேர ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எட்டு மில்லிமீட்டர் கயிறு எண்ணி முடிந்தது. 64 சுருள். கணினியிலும் அப்போது 64. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டரைக்குப் பார்சல் வண்டி வந்து அதே கயிறு 20 சுருள் இறக்கியது. இறக்கியவர் வேறு எங்கே வைப்பார்? கயிறு இருக்கிற இடத்தில்தான் வைத்தார். பில் தேதி 28. மாலை நான்கு மணிக்குக் கல்லாவில் இருந்தவர் அந்தப் பில்லை 28-ஆம் தேதி கொள்முதலாகவே பதிந்தார். இரவு ஒப்பீட்டுப் பட்டியல் எடுத்தபோது கணினியில் 84, தாளில் 64. குறைவு 20 சுருள்.

மறுநாள் ஈஸ்டர். திரும்ப எண்ண ஆளில்லை. ஒரு சுருள் 1,900 ரூபாய் கணக்கில் 38,000 ரூபாய்ச் சரக்கு குறைவு என்று எழுதிக் கணக்கை மூடினார்கள்.

அந்த 20 சுருளும் குடோனில்தான் இருந்தது. மே மாதம் விற்பனை ஓடிக்கொண்டிருக்கையில் கயிற்றின் இருப்பு கணினியில் மைனஸுக்குப் போனது. அலமாரியிலோ சுருள் அடுக்கு அடுக்காகக் கிடந்தது. அப்போதுதான் பழைய தாளைத் தேடி எடுத்தார்கள். லாபம் அந்த வருடத்தில் 38,000 குறைந்து, அடுத்த வருடத்தில் அதே அளவு கூடித் தெரியும். அது போகட்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, தொலைந்ததாகவோ தள்ளுபடி செய்ததாகவோ எழுதும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். குடோனில் கண்ணெதிரே கிடக்கும் சரக்கைத் தொலைந்தது என்று எழுதினால் அதற்கும் வரி போகும்.

இந்த வகைக் குறைவைத் திருட்டிலிருந்தும் எண்ணுகிறவர் தவறிலிருந்தும் பிரித்துக் காண ஒரு வழி உண்டு. குறையும் எண், கடைசி வாரத்துப் பில் ஒன்றில் இருக்கும் எண்ணோடு அப்படியே பொருந்தும். திருடு போனால் 3, 7 என்று குறையும். 20 சுருள் குறைந்து, அதே கயிறு 20 சுருளுக்கு 28-ஆம் தேதி பில்லும் இருந்தால், முதலில் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்க வேண்டும். மிகுதியாக வந்தாலும் அதே சோதனைதான். அங்கே சரக்கு எண்ணிக்கைக்கு முன்னால் வந்து, பில் ஏப்ரலில் பதிவாகியிருக்கும்.

அந்த வருடம் ஒப்பீட்டில் வந்த பெரிய வித்தியாசங்களில் பெரும்பாலானவை இப்படிப் பில்லோடு பொருந்தின. ஆகவே எண்ணும் முறையை மாற்றத் தேவையிருக்கவில்லை. வண்டி வரும் நாளை மாற்ற வேண்டியிருந்தது.

2025: தேதியைப் பின்னாலிருந்து எண்ணியது

அடுத்த வருடம் மார்ச் 31 திங்கட்கிழமை. ரம்ஜான் அன்றோ மறுநாளோ, பிறை பார்த்துத்தான் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை பக்கத்திலிருந்து வருகிற ஊழியர்கள் கடையில் கணிசம். ஆகவே இரண்டு நாளையும் விட்டுவிட்டு 27 வியாழன் தொடங்கி 30 ஞாயிறு வரை எண்ணுவது, 31-ம் 1-ம் திறக்காமல் இருப்பது என்று முடிவானது. விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் கல்லாவில் கூட்டம் நெரியும் என்பதால் அதையும் பார்த்து, வேகமாக விற்கும் அயிட்டங்களை எண்ணும் நாளைத் தள்ளிவைத்தார்கள். மொத்தத்தில் சரக்கு உள்ளே வராத நாட்கள் ஆறு: மார்ச் 27 முதல் ஏப்ரல் 1 வரை.

சப்ளையருக்குச் சொல்லவேண்டியது இந்த ஆறு நாள் மட்டும் அல்ல. அவர் லோடை எந்த நாள் கிளப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குப் பயன்படும் தேதி. நாகர்கோவிலில் ஏற்றும் வலை லோடு தூத்துக்குடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராத்திரி ஓட்டம். அவருக்கு மார்ச் 25 மாலை போதும். சென்னைப் பார்சல் ராமநாதபுரம் அலுவலகத்தில் ஒரு நாள் கிடந்து, பிறகு மண்டபம் வண்டி கிடைத்து வர வேண்டும். அவருக்கு மார்ச் 22. ராஜ்கோட்டிலிருந்து இன்ஜின் சாமான் அனுப்புகிறவருக்கு எட்டு, பத்து நாள் வேண்டும். அங்கே 14-ஆம் தேதி ஹோலி, அதற்கு முன்னும் பின்னும் ஏற்றுகிற ஆள் கிடைக்காது. ஆகவே அவருக்கு மார்ச் 11.

இந்தக் கணக்கைப் போடாமல் அடைப்பு நாளை மட்டும் சொன்னால் லாரி வாசலில் வந்து நிற்கும். திருப்பி அனுப்பலாமே என்றால் அதுவும் லேசான வேலையில்லை. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். சென்னையிலிருந்து மண்டபத்துக்கு மூன்று நாள் கிடைக்கும். 25-ஆம் தேதி போட்ட பில் 28 நள்ளிரவோடு காலாவதி. ஏப்ரல் 2 வரை லாரியை நிறுத்தினால் நடுவில் அதை நீட்டிக்க வேண்டும், அதுவும் காலாவதி நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் முடியும். அதைத் தவறவிட்ட வண்டி சோதனையில் மாட்டினால் சரக்கையே நிறுத்திவைப்பார்கள்.

கடிதம் பிப்ரவரி 24-ஆம் தேதி போனது. சென்னை சப்ளையர் ஒருவருக்குப் போனது இது:

> ஐயா, வணக்கம்.
>
> எங்கள் ஆண்டு இருப்புக் கணக்கெடுப்பை முன்னிட்டு 2025 மார்ச் 27 வியாழன் முதல் ஏப்ரல் 1 செவ்வாய் வரை குடோனில் சரக்கு இறக்க இயலாது.
>
> தங்கள் சரக்கு எங்களிடம் வந்து சேர வேண்டிய கடைசி நேரம் மார்ச் 26 புதன் மாலை 5 மணி. இதற்குத் தங்கள் இடத்திலிருந்து மார்ச் 22 சனிக்கிழமைக்குள் பார்சலில் போட்டுவிட வேண்டுகிறோம். மீண்டும் சரக்கு எடுக்கத் தொடங்குவது ஏப்ரல் 2 புதன் காலை 10 மணி.
>
> மார்ச் 26-க்குள் வந்து சேராது என்று தெரிந்த சரக்குக்கு மார்ச் தேதியில் பில் போட வேண்டாம். ஏப்ரல் தேதியில் பில் போட்டு ஏப்ரலில் அனுப்பவும்.
>
> தங்களிடம் நிலுவையிலுள்ள எங்கள் ஆர்டர்களை இணைத்துள்ளோம். 'முன்' என்று குறித்தவை மார்ச் 26-க்குள் வேண்டும். 'பின்' என்று குறித்தவை ஏப்ரல் 2-க்குப் பிறகு போதும்.
>
> படகு நின்றுபோகும் அவசர உதிரிபாகம் மட்டும் இடையில் எடுத்துக்கொள்வோம். அனுப்பும் முன் குடோன் பொறுப்பாளருக்குப் போன் செய்யவும்.
>
> இந்தத் தேதிகள் தங்களுக்கு ஒத்துவருமா என்று மார்ச் 5-க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒவ்வொருவர் கடிதத்திலும் மாறியது கிளம்பும் தேதியும் ஆர்டர் பட்டியலும்தான். பதில் கேட்டிருந்தது வீண்போகவில்லை. மார்ச் 5 வரை வாய் திறக்காதவர்களுக்கு மட்டும் போன் போட்டால் போதுமாக இருந்தது.

'முன்', 'பின்' என்று ஆர்டரைப் பிரித்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஏப்ரலுக்குத் தள்ளினால் ஒரே வாரத்தில் இறக்க முடியாமல் திணற வேண்டியிருக்கும். பெயின்ட், ரெசின், பைபர் மேட் ஆகியவற்றைப் படகு கரையேறின மறுநாளே கேட்பார்கள். அவை 'முன்'. விசைப்படகு மடிக்கான வலையும் கனமான கயிறும் தடைக்காலம் முடியப் போகும் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில்தான் ஓடும். அவை 'பின்'. நாட்டுப்படகுகளுக்குத் தடைக்காலம் கிடையாது என்பதால் நண்டு வலை நூலும் செவுள் வலையும் எப்போதும் போகும். அவற்றில் ஆறு நாள் விற்பனைக்கு மட்டும் 'முன்', மிச்சம் 'பின்'.

நாகர்கோவில் லோடு

வலை அனுப்புகிறவரின் பிரதிநிதி மட்டும் கடிதத்தோடு அடங்கவில்லை. நேரில் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மார்ச்சுல இந்த ஒரு லோடு பில் ஆனாத்தான் எனக்கு டார்கெட் முடியும். பில் 31-ல போட்டுக்கிறேன், சரக்கு ஏப்ரல்ல மெதுவா வரட்டும். உங்களுக்கும் வருஷத் தள்ளுபடி அந்த ஸ்லாப்புக்கு வந்துரும்லா."

முதலாளி என் பக்கம் திரும்பினார். தள்ளுபடி என்றதும் எந்த வியாபாரிக்கும் மனம் அசையும். அதில் தப்பில்லை.

சரக்கு கைக்கு வராமல் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. பில் சப்ளையரின் மார்ச் கணக்கில் ஏறி நமது ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் தெரியும், ஆனால் வரியை நாம் சரக்கு வந்த மாதத்தில்தான் எடுக்க வேண்டும். அதுவரை அதைத் தனியாகக் குறித்துத் திருப்பி வைத்து, அப்புறம் மீட்க வேண்டும். 31-ல் பில் மட்டும் வந்து லோடு நாகர்கோவிலிலேயே இருந்தால் அது யாருடைய இருப்பு என்ற கேள்வியும் எழும். அவர்கள் விற்றுவிட்டோம் என்று எழுதுவார்கள், இங்கே குடோனில் எண்ண ஒன்றும் இருக்காது.

முதலாளி சொன்னது இதுதான்: "தம்பி, டார்கெட் உங்களுக்கு முக்கியம், ஒத்துக்கிறேன். பாதி லோடை 24-ல பில் போட்டு 25 சாயங்காலம் ஏத்துங்க. 26 காலையில நானே நின்னு இறக்கிக்கிறேன். மீதிய ஏப்ரல்ல பில் போடுங்க. மார்ச் 31 தேதி போட்ட காகிதம் மட்டும் எனக்கு வேணாம்."

பாதி லோடு என்றால் லாரி வாடகை கிலோவுக்குக் கூடும். கூடுதல் வாடகையை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தள்ளுபடி ஸ்லாப் கிடைக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் விலை அதுதான், அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மீதி லோடு ஏப்ரல் 5 சனிக்கிழமை வருவதாக இருந்தது. 6-ஆம் தேதி பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பிரதமர் திறந்துவைக்க வருவதால் சாலையில் கெடுபிடி இருக்கும் என்று அதை 8-க்கு மாற்றிக்கொண்டார்கள்.

பார்சல் அலுவலகம்

சப்ளையருக்குக் கடிதம் எழுதிவிட்டு, நடுவில் இருக்கிற பார்சல் அலுவலகத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். சென்னையில் 20-ஆம் தேதி போட்ட பெட்டி ராமநாதபுரத்துக்கு 22-ல் வந்திருக்கலாம். ஆனால் மண்டபம் பக்கம் வண்டி நிறையும்வரை அங்கேயே கிடக்கும். வண்டி நிறைவது 28-ஆம் தேதியாகவும் இருக்கலாம். சப்ளையர் சொன்னபடிதான் செய்திருப்பார். ஆனாலும் சரக்கு அடைப்பு நாளில் வந்து நிற்கும்.

ஆகவே கடை வழக்கமாகச் சரக்கு எடுக்கும் இரண்டு பார்சல் அலுவலகங்களுக்கும் தனித்தனியே ஒரு தாள் போனது. 25-ஆம் தேதி மாலை நம் பெயரில் அங்கே கிடக்கும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதுகளின் பட்டியலைக் கேட்டு, 26 காலை கடையின் வண்டியே போய் மொத்தமாக எடுத்து வந்தது. அதன் பின் வருபவற்றை ஏப்ரல் 2 வரை அங்கேயே வைக்கச் சொல்லியாயிற்று. இலவச நாள் போக மீதிக்குக் கிடங்கு வாடகை கேட்டார்கள், கடை கொடுத்தது. 31-ஆம் தேதி நிலவரப்படி அங்கே தங்கிய எல்.ஆர். பட்டியல் ஒன்றையும் வாங்கிக்கொண்டோம். பில் மார்ச்சில் போடப்பட்டு, ஏற்றியவுடன் நமது பொறுப்பு என்ற பேச்சில் வந்த சரக்கானால், அது குடோனில் இல்லாவிட்டாலும் நமது இருப்புதான். வழியிலுள்ள சரக்கு என்று தனித் தலைப்பில் காட்ட வேண்டும். அந்த வருடம் அப்படி இரண்டே எல்.ஆர். இருந்தன.

அப்படியும் வந்த இரண்டு

வெள்ளிக்கிழமை 28-ல் கூரியரில் நாசில் பெட்டி ஒன்று வந்தது. நின்றுபோன ஒரு படகுக்கானது, போனில் சொல்லிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அதில் சிக்கல் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை ஒரு பெயின்ட் கம்பெனியின் மதுரை டிப்போ வண்டி 30 டின்னோடு வந்து நின்றது. கடிதம் அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலக மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. வண்டியை அனுப்புவது டிப்போ. அங்கே யாருக்கும் தெரியாது. ஓட்டுநரைத் திருப்பி அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. குடோனுக்குள் விடாமல் வெளித் தாழ்வாரத்தில் இறக்கி, தார்ப்பாய் போட்டு, மேலே 'எண்ணவில்லை – 29.3.25 பகல் 11.40' என்று அட்டை எழுதிக் கட்டினார்கள்.

இந்த இடத்தில் கடைப்பையன் கேட்டது நியாயமான கேள்வி: "எண்ணாமத்தானே வச்சிருக்கோம், பில்லையும் ஏப்ரல் 2-ல பதிஞ்சுட்டா சரியாப் போச்சுல்ல?" போகாது. சரக்கு 29-ல் நம் கைக்கு வந்துவிட்டது, பில்லும் 29. மார்ச் 31-ல் அந்த 30 டின்னும் நம்முடையதுதான். தனியாக வைப்பது அடுக்கில் கலந்துவிடாமல் இருக்கத்தான், கணக்கிலிருந்து விலக்கிவைக்க அல்ல. 'எண்ணத் தொடங்கிய பின் வந்தவை' என்று தனித் தாளில் 30 டின், நாசில் பெட்டி இரண்டையும் எழுதி, பில்லையும் மார்ச்சிலேயே பதிந்து, இரண்டையும் சேர்த்தே இருப்பில் கூட்டினோம். ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்தால்தான் 2024-இன் கயிறு திரும்பும்.

இதற்கு உதவியது சரக்கு வரவுப் புத்தகம். 26 மாலை ஐந்து மணிக்குக் கடைசி வரவு எண்ணின் கீழே சிவப்பில் கோடு போட்டு முதலாளியும் குடோன் பொறுப்பாளரும் கையெழுத்திட்டார்கள். கோட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரவுக்கும் பில் கணினியில் ஏறியிருக்கிறதா என்று அன்றிரவே பார்த்து முடித்தாயிற்று. அதன் பிறகே மறுநாள் எண்ணத் தொடங்கினார்கள். ஒப்பீட்டில் வித்தியாசம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வெட்டி விற்கிற கயிற்றில் கிலோக் கணக்கு எப்போதும் கொஞ்சம் உதைக்கும், போல்ட்-நட்டு பற்றிப் பேச வேண்டாம். ஆனால் ஒரு பில்லின் எண்ணோடு பொருந்துகிற குறைவு ஒன்றுகூட வரவில்லை.

ஆறு நாள் அதிகம்

நண்டு வலை நூலில் ஓடுகிற இரண்டு எண்கள் 30-ஆம் தேதி காலையே தீர்ந்துபோயின. கேட்டு வந்தவர்கள் ராமேசுவரம் போய் வாங்கிக்கொண்டார்கள். ஆறு நாள் விற்பனை என்று போட்ட கணக்கில் ரம்ஜானுக்கு முந்தின நெரிசல் சேரவில்லை.

2026-க்கான கடிதத்தில் அதனால் அடைப்பு மூன்று நாளாகக் குறைந்தது. மார்ச் 31 செவ்வாய், பண்டிகை குறுக்கே இல்லை. நங்கூரச் சங்கிலி, புரொபெல்லர், ஷாஃப்ட் போன்ற மெதுவாக நகரும் கனத்த சாமான்களை மார்ச் இரண்டாம் வாரத்திலேயே எண்ணி, அதன் பின் வந்ததையும் போனதையும் மட்டும் கூட்டிக் கழித்து 31-க்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அந்தச் சரக்குக்கு அடைப்பே தேவையில்லை. மற்றதெல்லாம் 28 சனி மாலை ஐந்துக்குள் வர வேண்டும், 29, 30, 31 இறக்குவதில்லை, ஏப்ரல் 1 காலை பத்து மணிக்குத் திறப்பு. பெயின்ட் கம்பெனிக்குப் போன கடிதம் இந்த முறை மதுரை டிப்போ மேலாளர் பெயருக்கு, நகல் வண்டி ஓட்டுநரின் வாட்ஸ்அப்புக்கு.